மாமியார் மெச்சிய பால் கண்ணாடி

பழைய வீடுகளில் குளியலறை என்றால் ஒரு தொட்டி, ஒரு சொம்பு, மேலே கைக்கு எட்டாத ஒரு சின்ன ஜன்னல். தண்ணீர் எங்கே தெறித்தாலும் யாரும் கவலைப்பட்டதில்லை. ஓஎம்ஆர் பக்கம் நாங்கள் வாங்கிய ஃப்ளாட்டிலோ குளிக்கிற இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு, பளபளவென்று குரோம் குழாய்கள், வாஷ்பேசினுக்கு மேலே அகலமான முகம் பார்க்கும் கண்ணாடி. விற்க வந்த தம்பி இவை எல்லாவற்றையும் பெருமையாகத் திறந்து காட்டினார். குழாயை மட்டும் திறக்கவில்லை. திறந்திருந்தால் வருவது போர் தண்ணீர். போர் வற்றினால் லாரி தண்ணீர். அது வேறு யாரோ வீட்டுப் பக்கத்துப் போர்.

கண்ணாடி மெல்ல மெல்ல வெளுத்தது. அந்தச் சமயம் பார்த்துத் திருநெல்வேலியிலிருந்து மாமியார் வந்தார். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவர். குளியலறையை எட்டிப் பார்த்தவர், "நல்ல காரியம் செஞ்சீங்க மாப்பிள்ளை, உள்ளே ஆள் தெரியாம பால் கண்ணாடியா பார்த்துப் போட்டிருக்கீங்க" என்றார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

முதலில் எதிரி யார் என்று தெரிய வேண்டும். கண்ணாடியில் இருப்பது ஒரே அழுக்கல்ல, இரண்டு. நகத்தால் சுரண்டினால் நறநறவென்று இருக்கும் வெள்ளைப் புள்ளி, தண்ணீர் காய்ந்தபின் தங்கிய உப்பு. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. விரல் வைத்தால் வழுவழுவென்று இழுபடும் சாம்பல் நிறப் படலம், சோப்பும் அந்தக் கால்சியமும் சேர்ந்து திரிந்த கசடு. தண்ணீரில் கரையாது. அதனால்தான் எவ்வளவு தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அப்படியே இருக்கிறது. கழுவுகிற தண்ணீரும் அதே போர் தண்ணீர் என்பதால், கழுவக் கழுவப் புள்ளி கூடுகிறது.

எவ்வளவு சுண்ணாம்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் தண்ணீர் அந்த 600 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குக் கண்ணாடியில் 50 மில்லி தண்ணீர் நின்று காய்ந்தால் 30 மில்லிகிராம் சுண்ணாம்பு தங்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம், ஒரு சிட்டிகை. மாமியாரை ஏமாற்ற அது போதும். அதைக் கரைக்க மளிகைக் கடை வினிகர் 30 மில்லி, இரண்டு மேசைக்கரண்டி போதும்.

அப்படியானால் ஊரெல்லாம் பாட்டில் பாட்டிலாக ஊற்றியும் போகவில்லை என்று புலம்புவது ஏன்? வினிகர் நிற்பதில்லை. செங்குத்தான கண்ணாடியில் தெளித்த மறு நிமிடம் அது வழிந்து தரையில் இருக்கும். பிறகு கை வலிக்கத் தேய்த்து என்ன பயன்? இங்கே வேலை செய்ய வேண்டியது அமிலம், தோள்பட்டை அல்ல. அதனால் வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சரிபாதி கலந்து, டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்துக் கண்ணாடி மேல் ஒட்டிவிட வேண்டும். போஸ்டர் ஒட்டுகிற மாதிரி மேலிருந்து கீழே, காற்றுக் குமிழி இல்லாமல். காய்ந்து வருகிற இடத்தில் மறுபடி தெளித்துக் கால் மணி நேரம் விட்டுவிட்டுப் போய்க் காபி சாப்பிடலாம். சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் உற்றுப் பார்த்தால் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பும். அதுதான் கரைகிறது என்பதற்கு அடையாளம்.

டிஷ்யூவை உரித்தபின் உப்பு போயிருக்கும், கொழகொழப்பு மிச்சமிருக்கும். அமிலம் கால்சியத்தைப் பிரித்துவிட்டதால் சோப்பில் இருந்த கொழுப்பு தனியே நிற்கிறது. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு, மெத்தென்ற ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். அடம்பிடிக்கும் மூலைகளுக்கு, தண்ணீர் ஊற்றி அலசியபிறகு, சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்க்கலாம். பிறகுதான், கூடவே அல்ல. வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்கும் நுரையைப் பார்த்து என் பையன் கைதட்டினான். நுரை அடங்கியபின் அமிலமும் இல்லை, சோடாவும் இல்லை. அழுக்கு மட்டும் இருந்தது.

இதற்குள் மாமியார் ஒரு கைப்பிடி புளியுடன் வந்துவிட்டார். "குத்துவிளக்கையே பளபளன்னு ஆக்கும், இந்தக் குழாய் எம்மாத்திரம்?" அவர் சொன்னதில் தப்பில்லை, புளியிலும் அமிலம்தான். ஆனால் அந்தப் பழுப்பு, குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் எலுமிச்சையில் சமாதானமானோம். சாறு பிழிந்த பாதி மூடியைக் குழாயின் மூக்கில் குப்புற மாட்டி, அடிப்பகுதியில் வினிகர் நனைத்த துணியைச் சுற்றினோம். குரோம் என்பது முகப்பூச்சு அளவுக்கு மெல்லிய முலாம். பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல், நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும்.

தெருவில் "ஆசிட்... பினாயில்..." என்று குரல் கேட்டதும் என் மனைவியின் கண்ணில் ஓர் ஆசை தெரிந்தது. அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக். சுண்ணாம்போடு குரோமையும் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடர் மேல் பட்டால் குளோரின் வாயுவே கிளம்பும். வினிகரைக்கூடப் பிளீச் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஜன்னல் திட்டில் கடப்பா கல்லோ மார்பிளோ இருந்தால் அதை மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டும் சுண்ணாம்பு வகைதான். குழாயில் இருக்கும் சுண்ணாம்பு எது, கல்லில் இருப்பது எது என்று வினிகருக்குத் தெரியாது.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு வேறு மரியாதை. வினிகர் தண்ணீரைத் துணியில்தான் தெளிக்க வேண்டும், கண்ணாடி மேல் அல்ல. வழிந்து விளிம்புக்குள் இறங்கினால் பின்னாலிருக்கும் ரசம் கறுத்துவிடும். ஸ்டிக்கர் பொட்டுகள் எங்கள் கண்ணாடியில் மூன்று தலைமுறைக்கு இருந்தன. அவற்றின் பசைக்கு வினிகர் ஒத்துவராது. தேங்காய் எண்ணெய் தொட்டுச் சற்று ஊறவிட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கடைசியாகப் பழைய வேட்டித் துணியால் காயத் துடைத்தேன். புது டவல் என்றால் நூல் நூலாக ஒட்டும்.

எல்லாம் முடிந்தபின்னும் தடுப்பின் கீழே ஒரு முழம் அகலத்துக்கு மங்கல் இருந்தது. ஈரமாக இருக்கும்போது தெளிவு, காய்ந்தால் மங்கல், நகத்தில் எதுவும் தட்டுப்படவில்லை. அப்படியிருந்தால் அது அழுக்கல்ல. நெடுநாள் உப்பு நின்றதில் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. சமையலறையில் அதற்கு மருந்து கிடையாது, பாலிஷ் போடும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

மறுபடி வராமலிருக்க வழி சுலபம். காயாத தண்ணீர் கறை வைக்காது. குளித்ததும் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்து, குழாயைத் துணியால் ஒரு துடை துடைத்தால் ஒரு நிமிட வேலை. ஆகவே கடைசியாகக் குளிப்பவர் துடைக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் விடிவதற்குள் எழுந்துவிடுகிறார்கள்.