கேளுங்க மாமா: ரெண்டை அமுக்கினா மகள் வருவா

கே: பரளச்சிப் பக்கம் தனியாக இருக்கிற அப்பத்தாவுக்குப் பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். ஸ்பீடு டயலில் எந்த எண்ணில் யாரை வைக்கலாம்?
*– வாசகர், அருப்புக்கோட்டை*

போனை எடுத்து 5-ஐத் தடவிப் பாருங்கள். சின்னப் புடைப்பு ஒன்று தட்டுப்படும். கண்ணாடியைத் தேட வேண்டாம்; விரல் அங்கே நின்றால் மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6. நாலு திசைக்கு நாலு பேர், அதற்கு மேல் அப்பத்தாவுக்கு எதற்கு? 2-ல் அருப்புக்கோட்டை மகள், 8-ல் பக்கத்து வீடு, 4-ல் திருப்பூர் மகன், 6-ல் சிங்கப்பூர் மகன். மூத்தவன் என்பதற்காக சிங்கப்பூரை 2-ல் வைத்துவிடாதீர்கள். நெஞ்சு வலித்தால் அவன் விமானம் ஏறித்தான் வரவேண்டும்.

கே: புடைப்பு இருக்கிற 5-லேயே மகளை வைத்தால் இன்னும் சுலபமாச்சே?
*– வாசகி, பந்தல்குடி*

சுலபம்தான், ஆனால் எடுப்பது போலீஸ்காரராக இருக்கும். 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கிற பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அமுக்கிப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும் என்பது மத்திய அரசு விதி. அழைப்பு போகிற எண் 112. அந்த இரண்டு எண்ணையும் விட்டுவிடுங்கள். 1 பெரும்பாலும் வாய்ஸ் மெயிலுக்கு. ‘வேலை செய்யுதான்னு பார்த்தேன்’ என்று 5-ஐ அமுக்கினால், அந்தப் பக்கம் கேட்கிறவருக்கு விளையாட்டு தெரியாது.

கே: ஸ்பீடு டயல் வைத்தாச்சு. 2-ஐ அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார் அப்பா.
*– வாசகர், நரிக்குடி*

கீபேடு பூட்டிக் கிடக்கும். பூட்டு திறந்தால்தான் 2-க்கு உயிர். ‘முதலில் திற, பிறகு அமுக்கிப் பிடி’ என்று இரண்டையும் ஒரே பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். தட்டிவிட்டு விரலை எடுத்தாலும் போகாது. திரையில் பெயர் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். பூட்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டாலோ, சுருக்குப்பைக்குள் இருக்கிற வெற்றிலைப் பாக்கே மகனுக்குப் போன் போடும்.

கே: டச் போனில் மகன் படத்தை வைக்கப் பார்க்கிறேன். படம் வைக்கிற இடமே வரவில்லை.
*– வாசகி, பாளையம்பட்டி*

நம்பர் சிம் கார்டில் இருக்கிறது. சிம்முக்குப் பெயரும் எண்ணும்தான் தெரியும், முகம் தெரியாது. கான்டாக்ட்ஸ் செயலியில் Import from SIM என்று இருக்கும். அதைத் தட்டி, எண்ணைப் போனுக்கோ கூகுள் கணக்குக்கோ கொண்டுவாருங்கள். பிறகு படம் ஒட்டும்.

எந்தப் படம் என்பதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். கல்யாண போட்டோவை வைத்தால், காசளவு வட்டத்துக்குள் மாலைதான் தெரியும். தோளுக்கு மேலே, வெளிச்சமான பின்னணியில், முகம் மட்டும். ஒரு வீட்டில் மூத்தவனுக்குத் தலைவர் படம், இளையவனுக்கு நடிகர் படம். அம்மா யாரைக் கூப்பிடுவது, கட்சியையா, தியேட்டரையா?

கே: ‘நான் யார்?’ என்று கேட்டவர் பிறந்த ஊர்க்காரன் நான். இந்தப் படம், பட்டன் எல்லாம் மாயை அல்லவா?
*– வாசகர், திருச்சுழி*

ரமணர் 1896-ல் கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார், தேடிக் கண்டுபிடிக்க வீட்டார் அலைந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு ‘இது யார்?’ தெரிந்தால் போதும். ‘நான் யார்’ உங்கள் பாடு.

கே: ஆறு வயசுப் பேரன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அவன் அம்மாவைக் கூப்பிட வழி?
*– தறிக்காரர், அருப்புக்கோட்டை*

பேவரிட்ஸில் நட்சத்திரம் போடுவது உங்களுக்கு வசதி. அவன் போன் செயலியைத் திறந்து, பேவரிட்ஸ் போய், பிறகு தட்டணும். அதைவிட முகத்தை முகப்புத் திரையிலேயே வையுங்கள்: வெற்றிடத்தில் விரலை வைத்துப் பிடித்து, Widgets, Contacts, அதில் Direct dial, அம்மா பெயர். பல ஆண்ட்ராய்டு போன்களில் இது உண்டு. தட்டினால் நேரே அழைப்பு. அந்தத் திரையில் கேம் வேண்டாம். இருந்தால் அவன் அம்மாவை எங்கே கூப்பிடப்போகிறான்!

இரண்டு சிம் போட்டிருந்தால் இன்னொரு வேலை பாக்கி. ‘எந்த சிம்?’ என்று ஒவ்வொரு தடவையும் போன் கேட்கும், பிள்ளை விழிக்கும். செட்டிங்ஸில் அழைப்புக்கு ஒரு சிம்மை நிரந்தரமாக்குங்கள். டவர் கிடைக்கிற சிம்மாக இருக்கட்டும், ஆஃபர் கிடைக்கிற சிம்மாக அல்ல.

கே: போன் பூட்டியிருந்தால் பிள்ளை என்ன செய்யும்?
*– அதே தறிக்காரர்*

பூட்டுத் திரையிலேயே அவசர அழைப்பு இருக்கிறது. செட்டிங்ஸில் Safety & emergency போய் அவசரத் தொடர்புகளில் அம்மாவைச் சேர்த்தால், ரகசிய எண் இல்லாமலே அங்கிருந்து கூப்பிடலாம். தறிச் சத்தத்தில் நீங்கள் எடுக்க மாட்டீர்கள் என்பது தெரிந்துதான் அம்மா பெயரைச் சொல்கிறேன்.

கே: மனைவியை பேவரிட்ஸில் முதலில் வைக்கணுமா, அம்மாவையா?
*– பெயர் வேண்டாம், காரியாபட்டி*

போனை யார் கையில் எடுத்துப் பார்ப்பார்களோ அவர்களை.