சோலி இல்லாத தாக்கல்

மருமவனே, உன் கூடப் படிச்ச சேக்காளிக்கு ஒரு சேதி போடணும்னு மத்தியானத்துல இருந்து போனைக் கையில வச்சுக்கிட்டுத் திண்ணையில குத்தவச்சிருக்கே. எழுதுறே, அழிக்கிறே, மறுபடி எழுதுறே. பொண்ணு பாக்கப் போறவன்கூட இம்புட்டு வேர்க்க மாட்டான். கல்யாணமா? இல்லை. காதுகுத்தா? அதுவும் இல்லை. அவன்கிட்டக் கடன் கேக்கவும் போறதில்லை. சும்மா அவன் நெனப்பு வந்துச்சு, அதைச் சொல்லணும். அதுக்குத்தான் இந்தப் பாடு. சரி, போனை இங்கே கொண்டா, என் கண்ணாடியையும் எடு. நான் இந்தக் கரிசக்காட்டு ஊருகள்ல சைக்கிள மிதிச்சுக் கார்டு குடுத்தவன். எழுத்துக் கூட்டத் தெரியாதவுகளுக்கு வாசிச்சுக் காட்டினதும் நான்தான். எந்த வரிக்கு ஆளு சிரிப்பான், எந்த வரிக்கு ‘இவனுக்கு என்ன வேணுமாம்?’னு கேப்பான்னு எனக்குத் தெரியும்.

நீ எழுதி வச்சிருக்கிறதைச் சத்தமா வாசிக்கேன், உன் காதாலயே கேளு.

“டேய் மச்சான், எப்படி இருக்க? என்னை ஞாபகம் இருக்கா? ரொம்ப வருஷம் ஆச்சு. நான் பேசாம இருந்துட்டேன், மன்னிச்சுக்கோ. நீயும் ஒரு தடவைகூடக் கூப்பிடலையே! வேலை, குடும்பம்னு ஓடிட்டோம். உண்மையான நட்பு கிடைக்கிறது கஷ்டம்டா. உன்னை ரொம்ப மிஸ் பண்றேன். ஃப்ரீயா இருக்கும்போது கண்டிப்பா கூப்பிடு. பதிலுக்குக் காத்திருப்பேன்.”

அடேயப்பா! அந்தப் பய ஓசூர்ல ஷிப்ட் முடிச்சு, வண்டிய நிறுத்திட்டு, செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி எத்தனை சோலி வச்சிருக்கே பாரு. ‘ஞாபகம் இருக்கா’ன்னு கேட்டதுக்கு ‘உன்னை மறப்பனா’ன்னு அவன் சொல்லியாகணும். ‘மன்னிச்சுக்கோ’ன்னதுக்கு ‘பரவாயில்லடா’ங்கணும். ‘நீயும் கூப்பிடலையே’ன்னு குத்தியிருக்கே, அதுக்கு ஒரு சாக்குத் தேடணும். பிள்ளைகுட்டிக்காரன், ஞாயித்துக்கிழமை பாத்து உன்னைக் கூப்பிடவும் செய்யணும். அதுவரைக்கும் நீ காத்துக்கிட்டு இருக்கேங்கிற நெனப்பு வேற அவன் நெஞ்சுல கெடக்கும். அன்பாத்தான் எழுதியிருக்கே, இல்லேங்கலை. ஆனா அவனுக்குக் குடுக்க நீ ஒண்ணும் கொண்டுபோகலையே, அம்புட்டும் வாங்குற கணக்காவுல்ல இருக்கு?

அதைவிட மோசம் மொதல்ல நீ செய்யப் பாத்தது. ‘ஹாய்’னு ஒத்தை வார்த்தை போட்டுட்டுக் குந்தியிருக்கப் பாத்தே. நம்ம ஊர்ல பல வருஷம் பேசாதவன் திடீர்னு ‘ஹாய்’னா என்ன அர்த்தம்? ஒண்ணு பத்திரிகை வைக்க வாரான், இல்லை பணம் கேக்க வாரான், அதுவும் இல்லேன்னா இன்சூரன்ஸ் பாலிசி பிடிக்க வாரான். அந்த ‘ஹாய்’யைப் பாத்தவன் பதில் போட மாட்டான், பொண்டாட்டியக் கூப்பிட்டு ‘இவன் எதுக்கு இப்போ?’ன்னு கேப்பான். சோலி இல்லைன்னா இல்லைங்கிறது முதல் சேதியிலயே வெளங்கணும்.

நம்ம நாட்டுல அஞ்சலட்டை வந்தது 1879 ஜூலை 1-ஆம் தேதி. அப்போ அது காலணா. பின்னால அம்பது காசு ஆச்சு. அந்தத் துண்டு அட்டையிலயும் பாதி இடத்தை நம்மாளு ‘இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடம் சுகத்திற்கு எழுதவும்’ங்கிறதுக்கே குடுத்துருவான். மிச்ச இடத்துல வாழை தார் தள்ளினது, செவலைப் பசு கன்னு போட்டது, ‘வேப்ப மரத்தடியில படுத்தா உன் நெனப்புத்தான் மாமா’ங்கிறதுன்னு எதையாவது நுணுக்கி எழுதியிருப்பான். நான் வாசிக்கையில சுகம் விசாரிச்ச வரிக்கு எவனும் தலை தூக்க மாட்டான். செவலைப் பசுவுக்குத்தான் ‘அதை இன்னொருக்க வாசிய்யா’ம்பான்.

தந்தியில வாழ்த்து அனுப்பின கதை உனக்குத் தெரியாது. 2013 ஜூலையில அதை மூடிட்டாக. தீபாவளிக்கு ஒரு நம்பர், கல்யாணத்துக்கு ஒரு நம்பர், பரீட்சை பாஸானதுக்கு ஒரு நம்பர்னு வாக்கியம் முன்னாலயே அச்சடிச்சு வச்சிருப்பான். நம்பரைச் சொன்னாப் போதும், அங்கே முழு வாக்கியமா இறங்கிரும். ‘சும்மா உன் நெனப்பு வந்துச்சு’ங்கிறதை நான் அந்தப் பட்டியல்ல கண்டதில்லை. சர்க்காருக்கும் விசேஷம் இருந்தாத்தான் மனுசனுக்கு மனுசன் ஞாபகம் போலிருக்கு.

உனக்கு ஒரு பழைய ஆளைக் காட்டுதேன். நம்ம பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாருக்கும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனுக்கும் நேர்ல பாக்காமலே சிநேகிதம். புறநானூத்துல 67-ஆவது பாட்டு இவரோடதுதான். குமரித் துறையில மீனைத் தின்னுட்டு வடக்கே பறக்குற ஒரு அன்னச் சேவலைக் கூப்பிடுறாரு. போற வழியில உறையூர்ல இறங்கு, வாசல்ல நிக்காம உள்ளே போ, ராசா காதுல விழுறாப்ல ‘நான் பிசிர் ஆந்தையோட ஆளு’ன்னு மட்டும் சொல்லு, உன் பேடைக்கு நகை குடுப்பாருங்காரு. முடிஞ்சுது தாக்கல். ஏன் ஆள் அனுப்பலைன்னு கேக்கலை, எப்போ வருவேன்னு கேக்கலை. தனக்குன்னும் ஒண்ணும் கேக்கலை, தூது போன பறவைக்குத்தான் கூலி. பேரைச் சொன்னாலே அவன் முகம் மலரும்ங்கிறதுல மனுசனுக்கு அம்புட்டு நம்பிக்கை. உனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதான் பத்து வரி எழுதுறே.

நம்பிக்கை இல்லாதது உனக்கு மட்டும் இல்லைன்னு டவுன்ல படிக்கிற என் பேத்தி வாசிச்சுக் காட்டினா. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல பெக்கி லியூங்கிற அம்மாவும் அவுக ஆட்களும் 2022-ல ஒரு ஆராய்ச்சி போட்டிருக்காக. சும்மா நாலு வரி எழுதி அனுப்பினவனையும் கேட்டிருக்காக, வாங்கினவனையும் கேட்டிருக்காக. அவனுக்கு எம்புட்டுச் சந்தோசம் இருக்கும்னு அனுப்பினவன் நெனைச்சதைவிட வாங்கினவனுக்குக் கூடவே இருந்திருக்கு. எதிர்பாராம வந்துச்சே, அதுதான் காரணமாம். வாங்குறவன் மனசு அந்த எதிர்பாராததுலயே நிக்குது. அனுப்புறவன் கணக்குல அது ஏறுறதில்லை.

இன்னொண்ணு 2024-ல வந்தது. லாரா ஆக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம்னு ரெண்டு அம்மாமார் பாத்தது. பழைய சேக்காளிக்கு எழுத ஆசை இருக்கு, நம்பரும் இருக்கு, எழுதி அனுப்ப நேரமும் குடுத்தாச்சு. அப்படியும் மூணுல ஒருத்தர்தான் அனுப்பியிருக்காக. பல வருஷம் கழிஞ்ச சேக்காளி முன்னப்பின்னத் தெரியாதவனாட்டம் தோணிருதானாம். பெறகு ஒரு உபாயம் பண்ணினாக. ஒரு கூட்டத்தை மூணு நிமிஷம் தினம் பேசிப் பழகுற ஆட்களுக்குச் சேதி போட வச்சு, அதுக்கப்புறம் பழைய ஆளுக்கு எழுதச் சொன்னாக. அதுல நூத்துக்கு 53 பேரு அனுப்பிட்டாக. அந்த மூணு நிமிஷமும் சோசியல் மீடியாவைப் பாத்துக்கிட்டு இருந்த கூட்டத்துல 31 பேருதான். அதனால நீ முதல்ல உன் அக்காளுக்கு ஒரு வரி போடு. சலூன் கடைக்காரப் பயலுக்கு ஒண்ணு போடு. கை பழகட்டும்.

இப்போ உன் சேதிக்கு வருவோம். அவன் நெனப்பு எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். மொதல்ல ‘சும்மாதான் மாமா’ன்னே. அப்புறமாத்தான் வாயைத் தொறந்தே. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல காராச்சேவு வாங்கினியாம். படிக்கையில ஹாஸ்டல்ல அவன் உன் டிரங்குப் பெட்டியில இருந்த சேவைக் களவாண்டு தின்னுட்டு, அந்தக் காகிதத்துல ‘எலி’ன்னு கையெழுத்துப் போட்டு வச்சானாம். ஏலே, இதை விட்டுட்டு ‘உண்மையான நட்பு’ன்னு பிரசங்கம் எழுதியிருக்கியே! இதுதாண்டா செவலைப் பசு. இதை உன்னைத் தவிர வேற எவனும் அவனுக்கு எழுத முடியாது.

இப்படி மாத்தியிருக்கேன், பாரு.

“ஏலே எலி, ஹாஸ்டல் டிரங்குப் பெட்டிக்காரன் பேசுறேன். இன்னைக்குச் சாத்தூர்ல சேவு வாங்கினேன், உன் கையெழுத்து ஞாபகம் வந்து பஸ்ஸுல தனியாச் சிரிச்சேன். விசேஷம் ஒண்ணும் இல்லை, சொல்லணும்னு தோணுச்சு. வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.”

‘டிரங்குப் பெட்டிக்காரன்’னு போட்டதுல காரியம் இருக்கு. அவன் போன் மாத்தியிருந்தா உன் பேரு வராது, வெறும் நம்பருதான் தெரியும். நீ யாருன்னு அதுலயே வெளங்கிரும். கேள்விக்குறி ஒண்ணுகூட வைக்கலை. ‘பதில் போட வேண்டாம்’னும் எழுதலை. நம்ம பாஷையில அப்படிச் சொன்னாக் கோவிச்சுக்கிட்ட மாதிரில்ல இருக்கும்? ‘விசேஷம் ஒண்ணும் இல்லை’ன்னா அவன் பயமும் போயிரும், பதில் கடனும் போயிரும். கடைசி வரி பழைய கார்டுல இருந்து எடுத்தது. முடிக்கத் தெரியாம இழுக்கிறவனுக்கு அது ஒரு வாசல்.

வாய்ஸ்ல பேசி அனுப்பாதே. மூணு நிமிஷம் இழுப்பே, அவன் ஷிப்ட்ல நின்னுக்கிட்டுக் கேக்கவும் முடியாது. படத்துல விளக்கேத்தி வச்ச ‘காலை வணக்கம்’ அனுப்பினே, இந்த ஊர்ல நான் உன்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டேன். அது நூறு பேருக்குப் போனதுன்னு அவனுக்குத் தெரியாதாக்கும்? ராத்திரி பத்து மணிக்கு மேலயும் போடாதே. அந்நேரத்துல ஊர்க்காரன் சேதி வந்தா யாருக்கு என்னமோ ஏதோன்னு அவன் நெஞ்சு அடிச்சுக்கும்.

அனுப்பினதுக்கு அப்புறம்தான் உன் சாமர்த்தியம் இருக்கு. ரெண்டு நீலக் கோடு விழுந்து பதில் வரலைன்னா வரலை. வாசிச்சிட்டான், அம்புட்டுத்தான் உனக்கு வேணும். மறுநாள் ஒரு கேள்விக்குறியைத் தூக்கிப் போட்டேன்னு வையி, முதல் சேதியே பொய்யாப் போயிரும். பதில் வந்தா அவன் எழுதின அளவுக்கே நீயும் எழுது. அவன் ஒரு வரி போட்டதுக்கு உன் முதுகுவலி, முதலாளி தொல்லையெல்லாம் அவுத்து விடாதே. இந்தச் சேதி போட்ட சூட்டோட பணம், ஆள் சிபாரிசுன்னும் போயிராதே. எலிக்குத் தெரியும், பொறிக்குள்ள எதுக்குச் சேவு வைக்காகன்னு.

ரெண்டு இடத்துல இந்த மாதிரி எழுதக் கூடாது. அவன் வீட்டுல ஒரு சாவு விழுந்து நீ போகலைன்னா, சேவுக்கதை ஆகாது. அந்தத் துக்கத்தைத்தான் முதல்ல கேக்கணும், அதுவும் கூப்பிட்டுக் கேக்கணும். காசு விசயத்துல முறுக்கிக்கிட்டுப் பிரிஞ்சிருந்தாலும் ஆகாது. கணக்கு முடியாம ‘சும்மா’ன்னு எழுதினா அவன் சும்மான்னு நம்ப மாட்டான். உனக்கு ரெண்டும் இல்லைன்னு உங்க அம்மாகிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் சொல்லுதேன்.

இந்தா உன் போன். மணி ஏழரைதான் ஆகுது. அக்காளுக்கு ஒரு வரி, சலூன்காரனுக்கு ஒரு வரி, அப்புறம் எலிக்கு. போட்டுட்டுப் போனை உள்ளே வச்சிட்டு வா, மோட்டார் போடணும், கரண்டு எட்டு மணிக்குப் போயிரும்.