நகைக்கடனுக்கு முழு வட்டி கட்டுவது எப்படி?

பரளச்சிப் பக்கம் மானாவாரி மிளகாய் போடுகிறவர்களுக்கு இது எளிது. விதைப்புச் செலவுக்குப் புரட்டாசியில் நகையை வைக்கிறோம், பழம் களத்துக்கு வருவது மாசி, பங்குனியில். மூன்று மாதக் கெடு மார்கழியிலேயே முடிந்துவிடும். பாதி வேலையைப் பருவமே பார்த்துக்கொள்கிறது.

முதலில், போர்டில் பெரிதாக எழுதியிருக்கும் 12 சதவீதத்தை மட்டும் படியுங்கள். உதாரணத்துக்கு, 90 நாளுக்குள் வட்டி கட்டினால் 12, அதைத் தாண்டினால் 15, ஒன்பது மாதத்துக்கு மேல் 24 என்று ஒரு திட்டம். அக்டோபர் 1-ல் ஒரு லட்சம் வாங்கியவர் டிசம்பர் 30-ல் கட்டினால் வட்டி 2,959 ரூபாய். நீங்கள் அவசரப்பட வேண்டாம். ஐந்து நாள் கழித்து அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறுங்கள். 3,904 கேட்பார்கள். ஐந்து நாளுக்கு 945 ரூபாயா என்று திகைக்காதீர்கள். 15 சதவீதம் அந்த ஐந்து நாளுக்கு மட்டுமல்ல, முதல் நாளிலிருந்தே. இதை அபராதம் என்று யாரும் சொல்வதில்லை, 'சலுகை போச்சு' என்பார்கள். உண்மையான வட்டி 24, 12 என்பது தேதி தவறாதவருக்கான தள்ளுபடி.

மார்கழியில் முதலைக் கட்ட வழியில்லாவிட்டாலும் அந்த 2,959-ஐ மட்டும் கட்டினால், இந்த மாதிரித் திட்டத்தில் அடுத்த 90 நாளும் 12-லேயே ஓடும். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். 'அறுப்பு முடியட்டும், முதலும் வட்டியுமாச் சேத்துக் கட்டிக்கலாம்' என்று இருங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை கட்டியவருக்கு வருஷ வட்டி ஏறக்குறைய 12,000. உங்களுக்கு 24,000.

பிறகு மாற்றி வைத்தல். ஒரு வருஷம் கழித்து மொத்தமாகக் கட்டும் கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்கலாம் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. கவலை எதற்கு? தங்கம் விலை ஏறியிருக்கிறது. கைமாற்று வாங்கி 24,000-ஐக் கட்டிவிட்டு, அதே நகையில் 1,24,000-க்குப் புதுக்கடன் எடுத்து, அன்றைக்கே கைமாற்றை அடைத்துவிடலாம். விதியும் மீறப்படவில்லை, வட்டியும் முதலோடு சேர்ந்துவிட்டது. அடுத்த வருஷமும் சும்மா இருந்தால் 29,760. அதில் 5,760 வட்டிக்கு வட்டி.

ஒரு வருஷக் கெடுவையே தாண்டியதற்கான அபராதத்தில் மட்டும் உங்கள் ஆசை முழுதாக நிறைவேறாது. 2024 ஏப்ரல் 1 முதல் புதுக்கடன்களில் அதைத் தனிக் கட்டணமாகத்தான் போடவேண்டும். முதலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது. ரசீதில் 'அபராத வட்டி' என்று இருந்தால் கேள்வி கேட்காமல் கட்டிவிட்டு வாருங்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்கிற பிடிவாதக்காரர்கள் நகையை வைக்கிற அன்றே ஒரு கேள்வி கேட்கட்டும்: '90-ஆம் நாள் கட்டினா எவ்வளவு, 95-ஆம் நாள் கட்டினா எவ்வளவு?' இரண்டு தொகையையும் ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.