பிறந்தநாள் விழாவில் ரத்தம் எடுத்தவர்

மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளுக்கு மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு தலைக்கு 5 பவுண்டு கொடுத்தார். பதிலுக்கு ஆய்வுக்காக அவர்களிடம் ரத்தம் எடுத்துக்கொண்டார். பிறகு அதை ஒரு கூட்டத்தில் நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிக்கவும் வைத்தார். பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் மட்டும் சிரிக்கவில்லை.

ஆனால் சிரிக்காமல் இருப்பதற்கும் அது நிறைய நேரம் எடுத்துக்கொண்டது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட அவரது கட்டுரை 1998இல் வந்தது. அதன் பின்னணியைப் பத்திரிகை அம்பலப்படுத்தியது 2004இல். குற்றச்சாட்டுகள் மன்றத்தின் விசாரணைக் குழுவின் முன் வந்தது 2007 ஜூலையில்.

குழு முதலில் கேட்டது, நடந்தவை உண்மையா என்று. அதற்கு 2010 ஜனவரியில்தான் விடை கிடைத்தது. அடுத்த கேள்வி, இது கடுமையான தொழில்முறைத் தவறா? ஆம் என்றால் என்ன தண்டனை? இடைநீக்கம் என்றால் ஒரே தடவையில் அதிகபட்சம் 12 மாதம்தான். விசாரணையே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடிவிட்டது! அதே ஆண்டு மே மாதம் மருத்துவர் பதிவேட்டிலிருந்து வேக்ஃபீல்டின் பெயரையே நீக்கினார்கள். அதற்குள் அவர் அமெரிக்காவில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

கட்டுரையை உடன் எழுதி, அவருடனே நீக்கப்பட்ட பேராசிரியர் ஜான் வாக்கர்-ஸ்மித் உயர் நீதிமன்றம் போனார். குழுவின் காரண விளக்கம் போதாது, மேலோட்டமானது என்று சொல்லி 2012இல் நீதிபதி வாக்கர்-ஸ்மித்தின் நீக்கத்தை ரத்து செய்தார். அத்தனை நாள் உட்கார்ந்து விசாரித்த குழு, காரணம் எழுதும்போதுதான் அவசரப்பட்டது போலும்.