நாலு வரி லெட்டர்

கே: அப்பாவைக் குடல் டாக்டரிடம் அனுப்பும்போது எங்கள் குடும்ப டாக்டர் நாலைந்து வரிதான் எழுதினார். ஃபைல் நிறைய ரிப்போர்ட் இருக்கும்போது அந்த லெட்டர் எதற்கு? (வாசகி, மதுரை)

ப: ரிப்போர்ட்டில் நம்பர் இருக்கும். உங்கள் டாக்டர் எதைப் பார்த்துப் பயந்தார் என்பது அதில் இருக்காது. கூட்டமான ஓ.பி.யில் அறுபது பக்க ஃபைலைப் புரட்ட யாருக்கும் நேரம் கிடையாது. நாலு வரியை எல்லோரும் படிப்பார்கள்.

கே: அந்த நாலு வரியில் என்னதான் இருக்க வேண்டும்? (வாசகர், கும்பகோணம்)

ப: ஒரு மாதிரியே எழுதிக் காட்டுகிறேன். நாங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம், உங்களுக்காகத் தமிழில்:

"வயது 58, ஆண். மூன்று மாதமாக அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எடை 4 கிலோ குறைந்துள்ளது. ஹீமோகுளோபின் ஆறு மாதம் முன்பு 12.8, இப்போது 8.4. ஃபெரிட்டின் 7. மலத்தில் ரத்தம் பார்த்ததில்லை என்கிறார். ஐந்து மாதம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். மருந்து அலர்ஜி இல்லை. கேள்வி: ரத்தம் எங்கே கசிகிறது? குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பார்க்கவும். இதய டாக்டரைக் கேட்காமல் க்ளோபிடோக்ரெலை நிறுத்த வேண்டாம்."

இதில் உயிரான இடம் கேள்விதான். பல லெட்டர்களில் அந்த இடத்தில் "மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது" என்று மட்டும் இருக்கும். அப்போது என்ன ஆகும்? நோயாளி உள்ளே போய் "ரொம்ப அசதிங்க, மூலமும் இருக்கு" என்பார். ரத்தசோகைக்கு மூலம்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டு, களிம்பும் இரும்பு மாத்திரையும் எழுதி அனுப்பிவிடலாம். இரும்பு ஏறியதும் அசதியும் குறையும். உள்ளே கட்டி இருந்தால் அது பாட்டுக்கு வளரும். ஐம்பது தாண்டிய ஆணுக்குக் காரணம் தெரியாமல் இரும்புச்சத்து இறங்கினால், இரைப்பையையும் பெருங்குடலையும் கேமரா விட்டுப் பார்க்காமல் மூலத்தின் மேல் பழி போடக்கூடாது. கேள்வியைத் தெளிவாக எழுதிவிட்டால் அந்தத் தவறுக்கு இடமே இல்லை.

கடைசி வரியும் அப்படித்தான். ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். கேமரா விட்டு வெறுமனே பார்ப்பதற்கும் சிறு சதைத்துணுக்கு எடுப்பதற்கும் பெரும்பாலும் மருந்தை நிறுத்தவே தேவையில்லை.

கே: "அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதி வாங்கினேன். ஆனாலும் அடுத்த மாதம்தான் வரச் சொன்னார்கள்! (வாசகர், சேலம்)

ப: அங்கே வரும் பாதி லெட்டரில் அந்தச் சொல் இருக்கிறது. எத்தனை நாளுக்குள், எதனால் என்று எழுதினால்தான் வேலை நடக்கும். "ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 4.4 இறங்கியிருக்கிறது, இரண்டு வாரத்துக்குள்" என்றால் தேதி கொடுப்பவருக்கே கை முன்னால் நகரும். தார் மாதிரி ஒட்டும் கறுப்பு மலம், எழுந்தால் தலைசுற்றல், நெஞ்சுவலி என்று ஏதாவது வந்தால் அந்த இரண்டு வாரமும் கிடையாது. அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

கே: லெட்டரை ஒட்டிக் கொடுத்தார். பிரித்துப் படிக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

ப: தாராளமாக. உங்கள் உடம்பைப் பற்றியதுதானே? "புற்றுநோய்" என்ற சொல்லை அதில் எழுதும் டாக்டர், எழுதுவதற்கு முன் உங்களிடம் வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படிக்கும்போது மருந்து வரியில் நிறுத்திப் பாருங்கள். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை அதில் இருக்காது, ஏனென்றால் டாக்டருக்குத் தெரியாது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியலாம். மேலே நான் எழுதிய லெட்டரின் கேள்விக்கு அதுவே பாதி விடையாக இருக்கலாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கே: இரும்பு மாத்திரையை உடனே ஆரம்பிக்கலாமா, நிபுணர் பார்க்கும்வரை காத்திருக்கலாமா? (வாசகர், திருநெல்வேலி)

ப: கொலோனோஸ்கோப்பி எப்போது என்பதைப் பொறுத்தது. இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கேமராவுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் பரிசோதனைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆரம்பித்திருந்தால் எந்தத் தேதியில் என்று லெட்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாத்திரையால் வந்த கறுப்பா, ரத்தத்தால் வந்த கறுப்பா என்று அங்கே இருப்பவர் குழம்புவார்.