தோற்றால் யார் தலையில்?

கேள்வி: இங்கிலாந்தில் அரசை எதிர்த்துப் பொதுநல வழக்குப் போட்டுத் தோற்றால், அரசு வக்கீலின் ஃபீஸையும் நாமே கட்ட வேண்டுமாமே?

பதில்: ஆமாம், அங்கே தோற்றவர் தலையில்தான் இரு தரப்புச் செலவும். அந்தப் பயத்திலேயே நியாயமான வழக்கும் கோர்ட் வாசலோடு திரும்பிவிடும். அதனால் 2005-ல் கார்னர் ஹவுஸ் வழக்கில், செலவுக்கு முன்கூட்டியே உச்சவரம்பு கட்டும் நெறிகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. 2013 முதல் சுற்றுச்சூழல் வழக்கில் தோற்கும் தனிநபர் எதிர்த்தரப்புக்குத் தருவது பொதுவாக 5,000 பவுண்டைத் தாண்டாது, அமைப்பென்றால் 10,000. வெட்டி வழக்குகள் குவியாதா என்பீர்கள். குவியாது, முதலில் நீதிமன்ற அனுமதி என்ற சல்லடை இருக்கிறது. சலுகையும் ஓசி இல்லை: ஜெயித்தாலும் அரசிடம் பொதுவாக 35,000 வரைதான் கிடைக்கும். மீதி ஃபீஸுக்கு உங்கள் வக்கீலின் பொதுநலத்தைத்தான் நம்ப வேண்டும்!