முதலில் வெளியீடு, பிறகு சரிபார்ப்பு

தங்கவயலில் மனை விற்பவரின் விளம்பர வீடியோவுக்கு 'கே.ஜி.எஃப்.' படப் பாட்டுதான் பின்னணி. ஊர்ப் பெயரைப் படம் எடுத்துக்கொண்டதே, பாட்டை ஊர் எடுத்துக்கொள்ளக் கூடாதா? உரிமை கேட்பதெல்லாம் வெட்டி வேலை. 2022 நவம்பரில், பாரத் ஜோடோ யாத்திரை வீடியோவில் அதே படப் பாட்டு ஒலித்ததாக எம்.ஆர்.டி. மியூசிக் வழக்குப் போட்டது. காங்கிரஸின் ட்விட்டர் கணக்கையே முடக்கச் சொன்னது பெங்களூரு நீதிமன்றம். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, பாட்டுள்ள பதிவுகளை நீக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. காசில்லாமல் எவ்வளவு விளம்பரம்!

வாசகம்: 'தங்கம் விளையும் மண்'. சுரங்கம் 2001-லேயே மூடப்பட்டது என்பது சின்ன விவரம். பின்னால் தெரியும் சயனைடு மண்மேட்டுக்கு 'மலைக்காட்சி' என்று பெயர். எவ்வளவு கற்பனை வளம்!

ரெரா பதிவு எண்ணும் உண்டு. 9:16 சட்டகத்தின் அடிவிளிம்பில் பொடி எழுத்தில் வைத்தால், ரீல்ஸின் தலைப்பு வரிகளே அதை மூடிவிடும். சட்டத்துக்கும் குறையில்லை, விற்பனைக்கும் குறையில்லை. குறிப்பு, வரிக்கு நான்கு வினாடிக்கு மேல் திரையில் நிற்கவேண்டும் என்கிறது இந்திய விளம்பரத் தரக் கவுன்சில். அதற்குள் ஒரு மனையே விற்றுவிடுமே!

ஒரே சிக்கல், நீளம். எதையாவது வெட்டியாக வேண்டும். எல்லோரும் கூடிப் பேசி, மனையைக் காட்டும் காட்சியை வெட்டினார்கள்.